கதிர்த்திருப்பமும் சம பகலிரவும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் 21-தான் கதிர்த்திருப்பம் என்று பள்ளியில் படித்தோம். 2024-இல் ஜூன் 20 என்று போட்டிருந்தார்களே, எது சரி?

இரண்டும் சரி. சூரியன் வடக்கே அல்லது தெற்கே போகும் எல்லையைத் தொட்டுத் திரும்புவதுதான் கதிர்த்திருப்பம். ஜூனில் வருவது 2023-இல் ஜூன் 21, 2024-இல் ஜூன் 20, 2025-இல் மறுபடியும் ஜூன் 21. பாடப்புத்தகம் பெரும்பாலான ஆண்டுகளில் பொருந்துகிற தேதியைத் தருகிறது. அதை நிரந்தரத் தேதி என்று எடுத்துக்கொண்டால்தான் குழப்பம் வருகிறது.

இந்தப் பக்கத்தில் வரும் நேரங்கள் எல்லாம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில், 24 மணிக் கணக்கில் இருக்கின்றன. உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றினால் சில தேதிகள் ஒரு நாள் தள்ளி நிற்கும். அதைப் பற்றித் தனியாகக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

அது ஒரு நாள்தானே? ஏன் மணி, நிமிடம் எல்லாம் சொல்கிறார்கள்?

அது ஒரு கணம். வானில் சூரியன் ஓர் ஆண்டில் சுற்றிவருவதாக நமக்குத் தெரியும் பாதையை 360 பாகையாகப் பிரிக்கிறார்கள். சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வந்து வடக்கே கடக்கும் இடம் 0 பாகை. அதைத் தொடும் கணம் மார்ச் மாதச் சம பகலிரவு. 90-ஐத் தொட்டால் ஜூன் கதிர்த்திருப்பம், 180-இல் செப்டம்பர் சம பகலிரவு, 270-இல் டிசம்பர் கதிர்த்திருப்பம். சூரியன் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதால், கோட்டைத் தொடுவது ஒரு நொடிப்பொழுது சமாச்சாரம். உலகம் முழுவதற்கும் அதே கணம்தான்.

அந்தக் கணம் எந்தத் தேதிக்குள் விழுகிறதோ அந்தத் தேதியைத்தான் நாம் 'கதிர்த்திருப்ப நாள்' என்கிறோம். ஆகவே 'தேதி ஏன் மாறுகிறது' என்பதை 'அந்தக் கணம் நாட்காட்டியில் ஏன் இடம் மாறுகிறது' என்று கேட்டுக்கொண்டால் விடை பாதி கிடைத்த மாதிரி.

சரி, அந்தக் கணம் ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை?

ஓர் ஆண்டுக்குள் முழு எண்ணிக்கையில் நாட்கள் அடங்குவதில்லை. சூரியன் ஒரு சம பகலிரவுப் புள்ளியிலிருந்து கிளம்பி அதே புள்ளிக்குத் திரும்பச் சராசரியாக 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 நொடி ஆகிறது. இதைப் பருவ ஆண்டு என்பார்கள். நாட்காட்டியோ சாதாரண ஆண்டில் 365 நாளோடு கணக்கை முடித்துவிடுகிறது. மிச்சமுள்ள ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரம் அடுத்த ஆண்டின் கணக்கில் ஏறுகிறது. அதனால் அந்தக் கணம் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் தாமதமாக வருவதுபோல் தெரிகிறது.

ஜூன் கதிர்த்திருப்பத்தையே வரிசையாகப் பார்ப்போம். 2021-இல் ஜூன் 21, 03:32. 2022-இல் அதே தேதியில் 09:14. 2023-இல் 14:58. ஆண்டுக்கு ஐந்தே முக்கால் மணி நேரத்தை ஒட்டி நகர்வது இதிலேயே தெரிகிறது. இப்படியே விட்டால் 2024-இல் ஜூன் 21, 20:51 ஆகவும், 2025-இல் ஜூன் 22-இன் அதிகாலையாகவும் இருந்திருக்கும். கொஞ்ச காலத்தில் ஜூலைக்கே போய்விடும்.

லீப் ஆண்டு அதை எப்படித் தடுக்கிறது?

2024-இல் பிப்ரவரி 29 என்று ஒரு நாள் கூடுதலாக நுழைந்தது. அதன் பிறகு வரும் எல்லா நாட்களின் பெயர்ப்பலகையும் ஒரு நாள் பின்தங்குகிறது. பிப்ரவரி 29 இல்லாவிட்டால் 'ஜூன் 21' என்று அழைக்கப்பட்டிருக்கும் நாள், இப்போது 'ஜூன் 20' ஆகிவிட்டது. சூரியன் வழக்கம்போல ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் தள்ளி வந்தது. தேதி மட்டும் ஒரு நாள் முன்னால் வந்தது. ஆகவே ஜூன் 20, 20:51.

ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிப்ரவரி 29 ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், அந்த ஆண்டின் நான்கு நிகழ்வுகளுமே அதற்குப் பின்னால்தான் வருகின்றன. எனவே நான்கும் ஒன்றாகவே முன்னுக்கு வரும். 2023-இல் செப்டம்பர் 23, 06:50-ஆக இருந்த சம பகலிரவு 2024-இல் செப்டம்பர் 22, 12:44. டிசம்பர் கதிர்த்திருப்பம் 2023-இல் 22-ஆம் தேதி, 2024-இல் 21-ஆம் தேதி. மார்ச்சில் மட்டும் தேதி மாறவில்லை என்று தோன்றும், ஏனென்றால் 2023-இல் மார்ச் 20, 21:24, 2024-இல் மார்ச் 20, 03:06. உண்மையில் அதுவும் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக வந்திருக்கிறது. நள்ளிரவுக் கோட்டைத் தாண்டாததால் தேதியில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே?

கிட்டத்தட்ட வந்து சேரும், ஆனால் முழுதாகச் சேராது. இந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் நூற்றாண்டுக் கணக்கான கதை ஒளிந்திருக்கிறது.

ஆண்டுக்கு 5 மணி 48 நிமிடம் 45 நொடி என்றால், நான்கு ஆண்டுக்கு 23 மணி 15 நிமிடம். ஆனால் லீப் நாள் கழிப்பதோ முழு 24 மணி நேரம். முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கழித்துவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு நான்கு ஆண்டுச் சுற்றிலும் அந்தக் கணம் சராசரியாக 45 நிமிடம் முன்னதாக வருகிறது.

லீப் ஆண்டுகளில் வந்த ஜூன் கதிர்த்திருப்பங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 2004-இல் ஜூன் 21, 00:57. 2008-இல் ஜூன் 20, 23:59. 2012-இல் 23:09. 2016-இல் 22:34. 2020-இல் 21:44. 2024-இல் 20:51. படி இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது. 2008-இல் நடந்ததைப் பாருங்கள்: நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் விழுந்து, தேதி 21-இலிருந்து 20-க்கு மாறியது. சூரியனைப் பொறுத்தவரை 2004-க்கும் 2008-க்கும் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அச்சடித்த தேதி மட்டும் குதித்தது.

இதே சரிவு மார்ச்சிலும் நடந்தது. 2007-இல் மார்ச் 21, 00:07-க்கு நடந்த சம பகலிரவுதான், யுடிசி கணக்கில் மார்ச் 21 கண்ட கடைசிச் சம பகலிரவு. அடுத்து அந்தத் தேதி திரும்புவது 2102-இல்தான். 'மார்ச் 21' என்று மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

மேலே உள்ள வரிசையில் இடைவெளி 58, 50, 35, 50, 53 நிமிடம் என்று வருகிறது. 45 என்றீர்களே?

45 என்பது நீண்ட காலச் சராசரி. ஒவ்வோர் ஆண்டும் அதிலிருந்து சில நிமிடங்கள் கூடும் குறையும். சூரியன் தன் பாதையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு பாகைதான் நகர்கிறது. ஒரு பாகையை 3,600 பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு விகலை என்று பெயர். சூரியன் ஒரு நிமிடத்தில் நகர்வது ஏறக்குறைய இரண்டரை விகலைதான். இவ்வளவு மெதுவாக நகரும் ஒன்று கோட்டைத் தொடும் கணத்தைக் கணிக்கும்போது, சில விகலை அளவு ஆட்டம்கூட நிமிடக்கணக்கில் வித்தியாசம் காட்டிவிடும்.

அந்த ஆட்டத்துக்கு முக்கியமான காரணங்கள் மூன்று. முதலாவது நிலா. சூரியனைச் சீராகச் சுற்றுவது பூமியின் நடுப்புள்ளி இல்லை. பூமியும் நிலாவும் சேர்ந்த எடை மையம். அது பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி அந்தப் புள்ளியை மாதம் ஒருமுறை சுற்றிவருவதால், சில சமயம் தன் பாதையில் கொஞ்சம் முந்தியும் சில சமயம் பிந்தியும் இருக்கும். வளர்பிறை அரைநிலவு நாளில் நிலா பின்னால் இருக்கும், பூமி முந்தியிருக்கும். அன்றைக்குக் கதிர்த்திருப்பம் வந்தால் அது இரண்டரை நிமிடம் சீக்கிரம் வரும். தேய்பிறை அரைநிலவில் அதே அளவு தாமதம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை.

இரண்டாவது, வெள்ளியும் வியாழனும். பூமியைச் சற்று முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து, இவையும் சில நிமிட வித்தியாசம் உண்டாக்குகின்றன. மூன்றாவது, பூமியின் அச்சு லேசாக அலைவது. நிலாவின் ஈர்ப்பால் 18.6 ஆண்டுச் சுழற்சியில் அச்சு தலையாட்டுகிறது. அச்சு ஆடினால் பூமத்திய ரேகையும் ஆடும். 0 பாகை என்று நாம் குறித்து வைத்த கோடே நகரும். இது அதிகபட்சம் 17 விகலை, அதாவது ஏறக்குறைய ஏழு நிமிடம்.

இவை மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தால் சராசரியிலிருந்து கால் மணி நேரம் வரை விலகும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் விலகலே தெரியாது. இந்த விலகல் சேர்ந்துகொண்டே போவதில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னும் பின்னும் ஆடிவிட்டுச் சராசரிக்கே திரும்பிவிடும். தேதி நிரந்தரமாக நகர்வதற்கு இது காரணம் ஆகாது. நள்ளிரவை ஒட்டி வரும் ஆண்டுகளில் மட்டும் எந்தத் தேதி என்பதை இந்த நிமிடங்களே முடிவுசெய்யக்கூடும்.

நான்கு ஆண்டுக்கு 45 நிமிடம் என்று சரிந்துகொண்டே போனால் ஒரு நாள் மே மாதத்துக்கே வந்துவிடாதா?

வராது. அதைத் தடுக்கத்தான் நூற்றாண்டு விதி. 100-ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு ஆகாது. 400-ஆல் வகுபட்டால் மட்டும் ஆகும். அதனால் 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு, 2100 மறுபடியும் இல்லை.

இதன் விளைவை மார்ச் சம பகலிரவில் பார்ப்போம். 1896 லீப் ஆண்டு, 1904 லீப் ஆண்டு. நடுவில் 1900-இல் பிப்ரவரி 29 கிடையாது. ஆகவே 1897 முதல் 1903 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அந்தக் கணம் தள்ளிக்கொண்டே போனது, இறக்கிவிட ஆளில்லை. 1903-இல் அது மார்ச் 21, 19:15-ஐ ஒட்டி விழுந்தது. அதுதான் உச்சம்.

1904-இலிருந்து சரிவு தொடங்கியது. 2000-இலும் லீப் நாள் சேர்க்கப்பட்டதால் இடையில் அதை நிறுத்த எதுவும் இல்லை. இரண்டு நூற்றாண்டுச் சரிவும் சேர்ந்து 2096-இல் மார்ச் 19, 14:03-ஐ ஒட்டி வந்து நிற்கும். உச்சத்துக்கும் அடிக்கும் இடையே 53 மணி நேர வித்தியாசம், அதாவது இரண்டு நாளுக்கும் மேல். நாம் இப்போது அந்தச் சரிவின் கடைசிப் பகுதியில் இருக்கிறோம். 2044-இல் யுடிசி கணக்கிலேயே மார்ச் 19 தலைகாட்டும். பிறகு 2100-இல் லீப் நாள் விடுபடுவதால், 2097 முதல் 2103 வரை மறுபடியும் ஏழு ஆண்டு ஏற்றம்.

இதை ஒரு வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பற்களைப்போல இருக்கும். சின்னப் பற்கள் நான்கு ஆண்டுக்கு ஒன்று: மூன்று படி ஏறி, ஒரேயடியாக இறங்கும். அந்தப் பற்களின் வரிசையே சரிந்துகொண்டு போய், நூற்றாண்டு முனையில் ஒருமுறை தூக்கிவிடப்படும். 400 ஆண்டில் ஒரு பெரிய சுற்று முடியும்.

ஜூனிலும் இதே கதைதான். யுடிசி கணக்கில் ஜூன் 22-இல் கடைசியாகக் கதிர்த்திருப்பம் வந்தது 1975-இல். 2100-இல் லீப் நாள் விடுபட்ட பிறகும் அந்தத் தேதியை எட்ட முடியாது; 2103-இல் நள்ளிரவுக்குச் சற்று முன்பே நின்றுவிடும். 2200-இலும் விடுபட்ட பிறகு, 2203-இல்தான் ஜூன் 22 திரும்பும்.

இதையெல்லாம் நானே கையால் கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக. மார்ச் சம பகலிரவுக்கு ஒரு தொடக்கப் புள்ளியும் ஒரு எண்ணும் போதும். தொடக்கம்: 2000, மார்ச் 20, 07:35. எண்: ஆண்டுக்கு 5 மணி 49 நிமிடம். மார்ச்சிலிருந்து மார்ச் வரை அளந்தால் ஆண்டின் நீளம் சராசரிப் பருவ ஆண்டைவிடச் சில நொடி கூடுதல், அதனால்தான் 49.

2024-ஐ எடுத்துக்கொள்வோம். இடையில் 24 ஆண்டு. 24-ஐ 5 மணி 49 நிமிடத்தால் பெருக்கினால் 139 மணி 36 நிமிடம். அதாவது 5 நாள் 19 மணி 36 நிமிடம். இவ்வளவு தள்ளிப்போயிருக்க வேண்டும். இந்த இடைவெளியில் நுழைந்த லீப் நாட்கள் 2004, 2008, 2012, 2016, 2020, 2024 என ஆறு. ஆறு நாள் பின்வாங்கியாக வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 4 மணி 24 நிமிடம் பின்னடைவு. 07:35-இலிருந்து அதைக் கழித்தால் மார்ச் 20, 03:11. உண்மையில் நடந்தது 03:06. ஐந்து நிமிடம்தான் பிசகு.

முன்னோக்கி 2096 வரை போய்ப் பாருங்கள். 96 ஆண்டுக்கு 558 மணி 24 நிமிடம், அதாவது 23 நாள் 6 மணி 24 நிமிடம். லீப் நாட்கள் 24. நிகரப் பின்னடைவு 17 மணி 36 நிமிடம். மார்ச் 19, 13:59 என்று விடை வரும். மேலே சொன்ன 14:03-க்கு மிக அருகில்.

இந்தக் கணக்கில் வழக்கமாகச் சறுக்கும் இடம் லீப் நாட்களை எண்ணுவதுதான். 2000-இன் பிப்ரவரி 29 நம் தொடக்கப் புள்ளிக்கு முன்பே முடிந்துவிட்டது, அதை எண்ணக்கூடாது. போய்ச்சேரும் ஆண்டே லீப் ஆண்டாக இருந்தால் அதைக் கட்டாயம் எண்ண வேண்டும். விடை சுமார் 24 மணி நேரம் தப்பினால் இங்கேதான் தவறு. கால் மணி நேரத்துக்குள் தப்பினால் அது தவறே இல்லை, நிலாவும் கோள்களும் செய்த வேலை. விடை நள்ளிரவுக்கு இருபுறமும் கால் மணி நேரத்துக்குள் வந்தால் மட்டும் இந்தக் கணக்கை நம்பித் தேதி சொல்லாதீர்கள். அங்கே முழுமையான கணிப்பு தேவை.

ஒரு தளத்தில் மார்ச் 20, இன்னொன்றில் மார்ச் 21. ஒரே ஆண்டுக்கு எப்படி இரண்டு தேதி?

பெரும்பாலும் நேர மண்டல வித்தியாசம். 2023 சம பகலிரவு யுடிசியில் மார்ச் 20, 21:24. ஐந்தரை மணி நேரம் முந்திய மண்டலத்தில் அப்போது மார்ச் 21, 02:54 ஆகிவிட்டது. எட்டு மணி நேரம் பிந்திய மண்டலத்தில் மார்ச் 20 பிற்பகல் 1:24. ஒரே கணம், இரண்டு தேதி.

கோடைகால நேர மாற்றமும் இதில் வந்து குட்டை குழப்பும். 2008 ஜூன் 20, 23:59 என்று மேலே பார்த்தோம். லண்டன் யுடிசியை ஒட்டிய ஊர்தானே என்று அங்கும் 20 என்று எழுதிவிடக்கூடாது. ஜூனில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் வைக்கப்பட்டிருக்கும். அங்கே அது ஜூன் 21, 00:59.

ஆகவே 'அடுத்து மார்ச் 21 எப்போது வரும்' போன்ற கேள்விகளுக்கு நேர மண்டலம் சொல்லாமல் விடை கிடையாது. யுடிசியில் 2102 என்றால், கிழக்கே உள்ள நாடுகளில் அந்தத் தேதி இப்போதும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான்கும் ஒரே அளவு இடைவெளியில் வந்தால் என்ன? மார்ச் 20, ஜூன் 21, செப்டம்பர் 22, டிசம்பர் 21 என்று ஏன் ஒழுங்கில்லாமல் இருக்கிறது?

மாதங்களின் நீளம் ஒரே அளவாக இல்லாதது ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம். பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. அப்போது வேகமாக ஓடும். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் மெதுவாக நகரும். அதனால் மார்ச்சிலிருந்து ஜூன் வரை 92.8 நாள், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை 93.6 நாள், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை 89.8 நாள், டிசம்பரிலிருந்து மார்ச் வரை 89 நாள். ஒவ்வொன்றும் 90 பாகைதான், ஆனால் ஆகும் காலம் வேறு.

சம பகலிரவு அன்று பகலும் இரவும் சமமாக இல்லையே?

இருக்காது. சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்கிறோம், காற்றுமண்டலமும் ஒளியை வளைத்து அதை முன்கூட்டியே காட்டுகிறது. அதனால் அன்று பகல் சில நிமிடம் கூடுதல். உண்மையில் சமமாக இருக்கும் நாள் ஊருக்கு ஊர் மாறும். பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் அப்படி ஒரு நாளே கிடையாது. தேதி மாறுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

1582-இல் பத்து நாளைத் தூக்கிவிட்டார்கள் என்கிறார்களே, அதுவும் இதனால்தானா?

ஆமாம். அதற்கு முன் இருந்த ஜூலியன் நாட்காட்டியில் நூற்றாண்டு விதி கிடையாது. நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு, விதிவிலக்கே இல்லை. ஆண்டுக்கு 11 நிமிடத்துக்குச் சற்று அதிகமான பிழை, 128 ஆண்டுக்கு ஒரு நாள். கி.பி. 325-இல் நடந்த நைசியா சபையின் காலத்தையொட்டி மார்ச் 21-ஐச் சம பகலிரவாக வைத்து ஈஸ்டர் நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் உண்மையான சம பகலிரவு மார்ச் 11-ஐ ஒட்டி வந்துவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரகோரி ஆணையிட்டு, 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாளை அக்டோபர் 15 வெள்ளி என்று ஆக்கினார்கள். கிழமை மாறவில்லை, தேதி மட்டும் தாண்டியது. கூடவே 400 ஆண்டில் மூன்று லீப் நாளை விடும் விதியும் வந்தது.

இப்போதைய விதியோடு தேதி என்றென்றும் 19-க்கும் 21-க்கும் இடையிலேயே நிற்குமா?

மார்ச்சில் நீண்ட காலம் நிற்கும், மற்ற மாதங்களில் அவ்வளவு இல்லை. 400 ஆண்டில் 97 லீப் நாள் என்பதால் நாட்காட்டி ஆண்டின் சராசரி 365.2425 நாள். மார்ச்சிலிருந்து மார்ச் வரை அளந்தால் இப்போது 365.2424 நாள். பிழை மிகச் சிறியது. ஜூனிலிருந்து ஜூன் வரை அளந்தாலோ 365.2416 நாள்தான். இந்த வேகம் இப்படியே நீடித்தால் ஜூன் கதிர்த்திருப்பம் 1,100-க்கும் சற்று மேற்பட்ட ஆண்டுகளிலேயே ஒரு நாள் முன்னால் வந்துவிடும். டிசம்பரில் அது 365.2427 நாள், அங்கே நகர்வு எதிர்ப்பக்கம்.

ஒரே சூரியனுக்கு ஏன் நான்கு வகை ஆண்டு நீளம்? பூமியின் அச்சு மெதுவாகத் திசை மாறுவதால், 0 பாகை முதலான புள்ளிகள் ஆண்டுக்குச் சுமார் 50 விகலை பூமியை எதிர்கொண்டு வருகின்றன. முழுச் சுற்றை முடிக்க அந்த 50 விகலை தூரத்தைப் பூமி ஓடத் தேவையில்லை. ஜூனில் பூமி மெதுவாக நகர்வதால் அந்தத் தூரம் மிச்சமாவதில் அதிக நேரம் லாபம், ஆண்டு குறுகுகிறது. டிசம்பரில் வேகமாக ஓடுவதால் லாபம் குறைவு, ஆண்டு நீள்கிறது. பூமி சூரியனுக்கு அருகில் வரும் நாளும் நாட்காட்டியில் நகர்ந்துகொண்டிருக்கிறது; 13-ஆம் நூற்றாண்டில் அது டிசம்பர் கதிர்த்திருப்பத்தை ஒட்டி இருந்தது, இப்போது ஜனவரி தொடக்கம். அது நகர நகர இந்த நான்கு நீளங்களும் இடம் மாறும்.

இன்னும் தொலைவுக்குப் போனால் வேறொரு சிக்கல் உண்டு. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் மெல்லக் குறைகிறது, நாளின் நீளம் நூற்றாண்டுக்கு மில்லிநொடிக் கணக்கில் கூடுகிறது. ஆயிரம் ஆண்டில் இது கூடிக்கூடி ஒரு மணி நேரத்தை ஒட்டிய வித்தியாசமாகிவிடும், அதுவும் சீராகக் கூடுவதில்லை. ஆகவே கி.பி. 3000-த்தின் கதிர்த்திருப்பம் எத்தனை மணிக்கு என்று நிமிடம் வரை எழுதியிருக்கும் அட்டவணையைப் பார்த்தால், அது எந்தக் கடிகாரத்தைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். பூமியின் சுழற்சியைச் சாராத, சீரான வானியல் நேரத்தில் அந்த எண் சரியாக இருக்கும். அன்றைய மக்களின் சுவர்க்கடிகாரத்தில் அது என்ன மணி காட்டும் என்பதை இப்போதே நிமிடம் வரை சொல்ல வழியில்லை.